சந்துக்கு அந்தப் பக்கம் 250 மீட்டர்: கடைக்கும் குடோனுக்கும் வயர்லெஸ் லிங்க்

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடை. சந்துக்கு அந்தப் பக்கம் சுமார் 250 மீட்டர் தள்ளி எங்கள் குடோன். இரண்டும் மூன்று மாடிக் கட்டடம். கேபிள் இழுக்க வழியில்லை. குடோனில் இருக்கும் 6 கேமராவையும் பில்லிங் கம்ப்யூட்டரையும் கடை நெட்டில் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஜன்னலில் வைஃபை ரௌட்டர் வைத்துப் பார்த்தோம், காலையில் கொஞ்சம் வருகிறது, அப்புறம் போய்விடுகிறது. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் குடோன் நன்றாகத் தெரிகிறது, நடுவில் ஒரு வேப்பமரம் ஓரமாக இருக்கிறது, அவ்வளவுதான். டிஷ் மாதிரி பெரிய ஆன்டெனா வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா அண்ணா?

பதில்:

பெரிய டிஷ் வேண்டாம். உங்கள் தூரத்துக்கு அது அதிகம், அதோடு அந்த வேப்பமரத்துக்கு எந்த டிஷ்ஷும் மருந்து இல்லை. நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த "ஓரமாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்பதில்தான் உங்கள் பிரச்சினையில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி, வீட்டு ரௌட்டரை இந்த வேலைக்கு வைத்தது. அதன் ஆன்டெனா நாலா பக்கமும் சிதறடிக்கும், குடோன் இருக்கும் திசைக்குப் போவது அதில் சொற்பம், அதையும் ஜன்னல் கம்பியும் சுவரும் தின்றுவிடும்.

வாங்க வேண்டியது வெளியில் மாட்டுகிற 5 கிகாஹெர்ட்ஸ் சிபிஇ, இரண்டு. ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கருவி அது. சிறிய பலகை மாதிரி இருக்கும், 13 டெசிபல் அளவுக்குத் திசை ஆதாயம் உள்ளது. டிபி-லிங்க் சிபிஇ510, யுபிக்விட்டி நானோஸ்டேஷன் லோகோ எல்லாம் இந்த வகைதான். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: சிபிஇ510 பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும், ஆனால் அதன் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். உங்களுக்கு அது போதும். ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் வைத்தாலும் ஆறுக்கும் 24, பில்லிங் ஒன்றுமே இல்லை. நாளைக்கு குடோனில் சர்வர் வைத்துப் பெரிய ஃபைல்களைத் தள்ளப் போகிறீர்கள் என்றால் மட்டும் கிகாபிட் போர்ட் உள்ளதைப் பாருங்கள்.

டிஷ் ஏன் வேண்டாம் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போட்டுவிடலாம். இந்தக் கணக்குதான் பிறகு மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பும்போது உங்களுக்குத் துணை. 5.8 கிகாஹெர்ட்ஸில் 250 மீட்டர் வெறும் காற்றைக் கடக்க சுமார் 96 டெசிபல் இழப்பு. கருவி 20 டிபிஎம் (அதாவது 100 மில்லிவாட்) அனுப்புகிறது, இரண்டு பக்க ஆன்டெனாவும் ஆளுக்கு 13 சேர்க்கின்றன:

```
20 + 13 + 13 - 96 = -50 dBm
```

அந்தப் பக்கம் மைனஸ் 50 வர வேண்டும். மைனஸ் எண் என்பதால் பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம், 3 குறைந்தால் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 50-லிருந்து 60 வரை அருமையான இடம். 70-ஐத் தாண்டினால் தினமும் உங்களுக்கு ஃபோன் வரும். இதே இடத்தில் 23 டெசிபல் டிஷ் இரண்டு போட்டால் கணக்கு மைனஸ் 30-க்கு வந்துவிடும். அது காதுக்குப் பக்கத்தில் லவுட் ஸ்பீக்கர் வைத்த மாதிரி, வாங்கும் பக்கம் திணறும், சிக்னல் முழுசாகக் காட்டும் ஆனால் வேகம் வராது. பவரைக் குறைத்து ஓட்டலாம்தான். சுற்றிலும் வைஃபை நெரிசல் மிகுந்த பஜாரில் டிஷ்ஷின் குறுகலான பார்வை உதவியும் செய்யும், அப்படி நானே போட்டிருக்கிறேன். ஆனால் முதல் தடவை செய்பவருக்கு அதைக் குறி வைப்பது தலைவலி.

சரி, இப்போது வேப்பமரம்.

கண்ணுக்குத் தெரிவது வேறு, ரேடியோவுக்குத் தெரிவது வேறு. கண்ணுக்கு ஒரு நூல் அளவு இடைவெளி போதும். ரேடியோ அலை நூலாகப் போவதில்லை, ஒரு கோவைக்காயை 250 மீட்டருக்கு நீட்டி இழுத்த மாதிரி, இரண்டு முனையிலும் ஒல்லியாக, நடுவில் பருத்துப் போகிறது. இதற்கு ஃபிரனெல் மண்டலம் என்று பெயர். உங்கள் தூரத்தில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு நடுவில் அதன் ஆரம் சுமார் 1.8 மீட்டர். அதாவது நேர்கோட்டுக்கு மேலே, கீழே, இடம், வலம் எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர். அதில் உள்பக்கம் 60 சதவீதம், சுமார் 1.1 மீட்டர், எதுவும் குறுக்கே இல்லாமல் இருந்தால் வெறும் காற்றில் போவது போலவே போகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மரம் என்றால் நான் 2 மீட்டர் விடுவேன், கிளை வளரும் இல்லையா. இதே தூரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் போட்டிருந்தால் நடுவில் ஆரம் 2.8 மீட்டர் ஆகிவிடும், உங்கள் மரம் இன்னும் நன்றாக உள்ளே வந்துவிடும். அதனாலும்தான் 5.

இலை என்பது தண்ணீர் நிரம்பிய பொருள், இந்த அலைவரிசையை நன்றாகவே விழுங்கும். ஒரு பெரிய மரம் முழுசாகக் குறுக்கே நின்றால் 10, 20 டெசிபல் போய்விடும். அதை விட மோசம், அது நிலையாகப் போகாது. காற்றடித்தால் ஆடும், மழை பெய்தால் ஈர இலை இன்னும் அதிகமாகத் தின்னும். உங்களுக்குக் காலையில் வந்து அப்புறம் போவதில் காற்றின் பங்கும் இருக்கலாம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு இதே மாதிரி ஒரு லிங்க் போட்டேன், தூரமும் ஏறக்குறைய இதேதான், நடுவில் வேப்பமரமும் இருந்தது. மாசி மாதம், மரம் பாதிக்கு மேல் இலை உதிர்த்துவிட்டு நிற்கிறது. மைனஸ் 58 வந்தது. கணக்குப்படி 50 வர வேண்டியது, 8 குறைகிறது, ஏதோ ஒன்று குறுக்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கேமரா எல்லாம் பளிச்சென்று ஓடியது, காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சித்திரையில் ஃபோன். போய்ப் பார்த்தால் மரம் முழுக்கப் பச்சை, சிக்னல் மைனஸ் 71, காற்றடிக்கும்போது 76 வரை போகிறது. ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதை விட ஏறவில்லை. மூன்று மீட்டர் பைப் வாங்கி உயரத்தைக் கூட்டலாம் என்று அவர்கள் சொன்னார்கள். நான் ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே நடந்து பார்த்தேன். ஆறு மீட்டர் இடது பக்கம் போனதும் மைனஸ் 53. அவ்வளவுதான். உயரமே கூட்டவில்லை.

இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. மரம் என்றதும் எல்லோருக்கும் உயரம்தான் ஞாபகம் வரும். மரத்துக்கு மேலே போவதை விட மரத்துக்குப் பக்கவாட்டில் விலகுவது பெரும்பாலும் லாபம். உங்கள் மரம் பாதி வழியில் இருந்தால், ஒரு பக்க ஆன்டெனாவை 4 மீட்டர் நகர்த்தினால் மரத்தருகே கோடு 2 மீட்டர் விலகும். இரண்டு பக்கத்தையும் ஒரே திசையில் 4 மீட்டர் நகர்த்தினால் முழு 4 மீட்டரும் விலகும். நீளமான பைப் என்றால் காற்றில் ஆடும், ஸ்டே கம்பி கட்ட வேண்டும், மின்னலுக்கும் அதுதான் முதல் இலக்கு. மாடியில் நாலு மீட்டர் தள்ளி மாட்டுவதற்கு எதுவும் செலவில்லை.

பாதை சரியா என்று பார்க்க நான் செய்வது இது. இரவு எட்டு மணிக்கு மேல் ஒருவர் குடோன் மாடியில், ஆன்டெனா மாட்டப் போகும் அதே இடத்தில், அதே உயரத்தில், மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நீங்கள் கடை மாடியில் ஆன்டெனா உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிறதா என்பதோடு விட்டுவிடாதீர்கள். அவரைக் கையை நீட்டி டார்ச்சை மேலே, கீழே, இடது, வலது என்று ஒரு மீட்டர் வட்டம் போடச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் சிமிட்டினாலோ மறைந்தாலோ அங்கே ஏதோ உரசுகிறது. பிறகு நீங்கள் இங்கே அதே மாதிரி வட்டம் போடுங்கள், அவர் பார்க்கட்டும். டார்ச் வட்டம் மரத்தருகே வரும்போது பாதியாகச் சுருங்கிவிடும் என்பதால் இருவரும் செய்தால்தான் ஓரளவு உண்மை தெரியும். பகலில் அதே இடத்திலிருந்து மொபைலில் ஜூம் செய்து ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

மரத்தையே பார்த்துக்கொண்டு காலடியை விட்டுவிடாதீர்கள். ஆன்டெனாவுக்கு 5 மீட்டர் முன்னால் கோவைக்காய் ஒல்லிதான், ஆரம் அரை மீட்டர். அந்த அரை மீட்டருக்குள் உங்கள் சொந்தக் கைப்பிடிச் சுவரோ, தண்ணீர்த் தொட்டியோ, தகரக் கூரையின் விளிம்போ வந்தால் மரத்தை விட மோசம். துணி காயப்போடும் கொடியும் அப்படித்தான். வெறும் கயிறு ஒன்றும் செய்யாது, அதில் நனைந்த பெட்ஷீட் தொங்கினால் லிங்க் போகும், காய்ந்ததும் வரும். "காலையில் மட்டும் போகிறது" என்று ஒரு வீட்டில் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருந்தது. சந்துக்கு மேலே போகும் இபி கம்பிகளைப் பற்றி அலைக்குக் கவலை இல்லை, அவை மெல்லியவை. உங்களுக்குக் கவலை வேண்டும்: பைப்பைத் தூக்கி நிறுத்தும்போது அது சாய்ந்தால்கூடக் கம்பியைத் தொடாத இடமாகப் பாருங்கள்.

மாடிக்கு ஏறும் முன் இரண்டு கருவியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செட்டிங் முடித்துவிடுங்கள். பெட்டியிலிருந்து வரும்போது இரண்டுக்கும் ஒரே ஐபி இருக்கும் (டிபி-லிங்கில் 192.168.0.254, யுபிக்விட்டியில் 192.168.1.20), அதனால் ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்து மாற்றுங்கள். உங்கள் கடை ரௌட்டரின் வரிசையிலேயே, யாரும் பயன்படுத்தாத இரண்டு எண்கள். கடைப் பக்கம் ஆக்சஸ் பாயின்ட், குடோன் பக்கம் கிளையன்ட், இரண்டும் பிரிட்ஜாக. ஐபி கொடுக்கும் வேலை கடை ரௌட்டர் ஒன்றுக்குத்தான், சிபிஇ இரண்டிலும் டிஹெச்சிபி சர்வரை அணைத்துவிடுங்கள். நாட்டை இந்தியா என்று வைத்தால் அனுமதித்த சேனலும் பவரும் மட்டும் வரும். 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி இங்கே 2018-லிருந்து உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். 40-ஓ 80-ஓ வைத்தால் வேகம் கூடும் என்று ஆசை வரும், பஜார் பகுதியில் அகலமாகத் திறந்தால் அத்தனை பேர் சத்தமும் சேர்ந்து உள்ளே வரும். உங்களுக்குத் தேவையான 25 எம்பிபிஎஸ் 20-லேயே தாராளமாகப் போகும். மேசையில் இருக்கும்போது பவரை மிகக் குறைவாக வையுங்கள், மாடியில் ஏற்றிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இனி குறி வைப்பது. இரண்டு பேர், இரண்டு மாடி, ஃபோன் லைனில். மேல் கீழ் சாய்வைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். குடோன் கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்தால் உடனே ஆன்டெனாவைக் குனிய வைத்துவிடுவார்கள். 250 மீட்டரில் 3 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் கோணம் ஒரு டிகிரிகூட வராது. எனவே ஆன்டெனாவின் முதுகில் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து நேர் செங்குத்தாக நிறுத்துங்கள், போதும். சாய்வதாக இருந்தால் கடைசியில் நூல் அளவு.

பக்கவாட்டுதான் வேலை. குடோன் பக்கத்தை உத்தேசமாகக் கடையைப் பார்த்து வைத்து, போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கிவிட்டு அவர் விலகி நிற்கட்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருப்பினால் யார் திருப்பியதால் ஏறியது என்றே தெரியாது. நீங்கள் உங்கள் பக்கத்தை மெதுவாக, விரல் அகலம் விரல் அகலமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துவிட்டு, ஆன்டெனாவின் முன்னால் நிற்காமல் பின்னால் வந்து, ஐந்து விநாடி பொறுத்து மொபைலில் சிக்னல் எண்ணைப் பாருங்கள். திரையில் வரும் எண் கொஞ்சம் தாமதமாகத்தான் மாறும். கருவியின் முதுகில் எரியும் விளக்குகளை நம்பி முடிக்காதீர்கள், அவை உத்தேசத்துக்கு மட்டும்.

இந்த வகை ஆன்டெனாவின் பார்வை அகலமானது, 45 டிகிரி வரை. அதனால் உச்சம் கூர்மையாக இருக்காது, திருப்பிக்கொண்டே இருப்பீர்கள், எண் அசையாது. அப்போது உச்சத்தைத் தேடாதீர்கள், இரண்டு ஓரத்தைத் தேடுங்கள். இடது பக்கம் திருப்பி எண் 3 குறையும் இடத்தில் பைப்பில் சாக்பீஸால் ஒரு கோடு. வலது பக்கம் அதே 3 குறையும் இடத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். பிறகு நீங்கள் கையை எடுத்துவிட, குடோன் பக்கம் அவர் அதையே செய்யட்டும். முடித்ததும் போல்ட்டை இறுக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள், ஸ்பேனர் திருகும் திருகில் ஆன்டெனாவும் சேர்ந்து கொஞ்சம் திரும்பும்.

இப்போது எண்ணைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். மைனஸ் 50-க்கு இரண்டு மூன்று முன்னே பின்னே இருந்தால் முடிந்தது. மைனஸ் 62, 65 என்று நின்றால் "ஓடுகிறதே" என்று விட்டுவிடாதீர்கள், நான் அப்படி விட்டுத்தான் சித்திரையில் திரும்பப் போனேன். ஆன்டெனாவை இருபக்கமும் நன்றாக, 60 டிகிரிக்குத் திருப்பிப் பாருங்கள். வேறெங்காவது 10, 12 ஏறினால் நீங்கள் இதுவரை பக்கக் கதிரில் நின்றிருக்கிறீர்கள், அதாவது ஆன்டெனா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கே திருப்பினாலும் ஏறவில்லை என்றால் பாதையில்தான் கோளாறு, ஆன்டெனாவைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. இந்தக் கருவிகள் நெட்டுவாக்கில் ஒன்று, கிடைவாக்கில் ஒன்று என இரண்டு சிக்னல் அனுப்பும், திரையில் இரண்டு எண்கள் தனித்தனியாக வரும். இரண்டுக்கும் நடுவே 2, 3 வித்தியாசம் சகஜம். 6-க்கு மேல் என்றால் கோவைக்காய்க்குள் ஏதோ இருக்கிறது, அல்லது ஒரு பக்கம் பைப் சாய்ந்து நிற்கிறது.

கடைசியாக உண்மையான வேகம். குடோனில் ஒரு லேப்டாப், கடையில் ஒன்று, இரண்டும் கேபிளில், இரண்டிலும் iperf3 என்ற வேகம் அளக்கும் மென்பொருள். குடோன் லேப்டாப்பில் முதல் வரி, கடையில் மற்ற இரண்டும் (ஐபியை உங்கள் குடோன் லேப்டாப்பின் ஐபியாக மாற்றிக்கொள்ளுங்கள்):

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.50 -t 60
iperf3 -c 192.168.1.50 -t 60 -R
```

இரண்டாவது வரி கடையிலிருந்து குடோனுக்கு, மூன்றாவது குடோனிலிருந்து கடைக்கு. கேமராக்கள் அனுப்பும் திசை மூன்றாவதுதான், அதைப் பாருங்கள். இரண்டு திசையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சிக்னல் மைனஸ் 50 காட்டி, ஒரு திசை மட்டும் படுத்துவிட்டது என்றால் குறி தவறவில்லை, வாங்கும் பக்கத்தில் அக்கம்பக்கத்து வைஃபை சத்தம். சேனலை மாற்றினால் சரியாகும். இதை இரவில் சோதித்துத் திருப்திப்படாதீர்கள், கடைத்தெரு முழுக்கத் திறந்திருக்கும் மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை ஓட்டுங்கள்.

மழையில் லிங்க் போனால் மழையைத் திட்ட வேண்டாம். இந்த அலைவரிசையில் 250 மீட்டருக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. நனைந்த மரம், அல்லது கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீர், இரண்டில் ஒன்று. மழை நின்ற அரை மணியில் தானாகச் சரியானால் மரம். வெயில் வந்த மறுநாளும் தகராறு என்றால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உலோகக் கால்கள் பச்சை பூத்திருக்கும். வெளியில் போகும் கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறையுடன், முழுத் தாமிரக் கம்பியாக இருக்கட்டும். தாமிரப் பூச்சுப் பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும், கருவிக்கு மின்சாரமும் இதே கேபிளில் போவதால் நீளம் கூடினால் அதில் வோல்டேஜ் இறங்கி ராத்திரியில் தானே அணைந்து தானே எழும். கருவிக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு முழம் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கூடவே வரும் மின்சார அடாப்டரில் இரண்டு போர்ட் இருக்கும், PoE என்று எழுதியது மாடிக்கு, LAN என்று எழுதியது ஸ்விட்சுக்கு. மாற்றிச் செருகினால் ஸ்விட்ச் போர்ட் போக வாய்ப்பு உண்டு. பைப்புக்கு எர்த் கொடுத்து, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்றும் அதே எர்த்தில் சேர்த்துவிடுங்கள். நேரடி இடியை அது தாங்காது, பக்கத்தில் விழுகிற இடிக்குத் தாங்கும், நம் ஊரில் கருவிகள் போவது பெரும்பாலும் அந்தப் பக்கத்து இடியில்தான்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு பக்க எண்களையும், தேதியையும் அடாப்டர் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஏதாவது என்றால் நான் முதலில் கேட்கப் போவது அதைத்தான். மரம் முழு இலையோடு இருக்கும்போது ஒரு தடவை பார்த்து அதையும் கீழே எழுதுங்கள். டார்ச் சோதனை முடித்த பிறகு அந்த ஜூம் படத்தைப் போடுங்கள், எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.